சாவி வைத்துக்கொள்ளாத சர்வர்

2016 அக்டோபர் 13 முதல் நவம்பர் 15 வரை, ஊபர் நிறுவனத்தின் தகவல் கிடங்குக்குள் இரண்டு வெளியாட்கள் புகுந்து கோப்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. ஊபர் பொறியாளர்கள் வேறு தளங்களிலும் பயன்படுத்திய பாஸ்வேர்டுகள் ஏற்கெனவே கசிந்திருந்தன. அவற்றைக் கொண்டு, கிட்ஹப் தளத்தில் அந்த நிறுவனம் தனக்கென்று வைத்திருந்த நிரல் கிடங்கைத் திறந்தார்கள். அங்கே நிரலோடு நிரலாக எழுதி வைக்கப்பட்டிருந்தது ஓர் ஆக்சஸ் கீ. அமேசான் மேகச் சேவையில் ஊபர் சேமித்திருந்த தகவல்களைத் திறக்கும் சாவி அது.

அவர்கள் எடுத்தவை வெறும் 16 கோப்புகள். அவற்றுக்குள் உலகெங்கும் 5 கோடியே 70 லட்சம் பயணிகள், ஓட்டுநர்களின் விவரங்கள் இருந்தன. அமெரிக்க ஓட்டுநர்களில் சுமார் 6 லட்சம் பேரின் பெயரும் உரிம எண்ணும் போயின. ஊபர் அவர்களுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை மூடியது. 2017 நவம்பரில்தான் வெளியுலகுக்குச் சொன்னது.

இதே தவறு அந்த நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் நடந்திருந்தது. 2014இல் ஒரு பொறியாளர், எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒரு சாவியைப் பதிவேற்றிவிட்டார். அந்த ஒரே சாவி, நிறுவனம் அமேசானில் சேமித்திருந்த தகவல் அனைத்தின் மீதும் முழு அதிகாரம் தந்தது. மே மாதம் வெளியாள் உள்ளே நுழைந்தார். நிறுவனத்துக்குத் தெரிந்தது செப்டம்பரில்.

இரண்டு முறையும் கெட்டது மனிதக் கவனம் மட்டும் என்று சொல்லிவிடலாம். ஆனால் அப்படி ஒரு சாவி கோப்பில் இருக்க வேண்டிய கட்டாயமே, மேகத்தில் ஓடும் சர்வர்களுக்கு 2012 ஜூனிலேயே நீங்கிவிட்டது. அந்த மாதம் அமேசான் தன் சர்வர்களுக்கு ‘ரோல்’ என்ற வசதியைக் கொடுத்தது. சர்வர் தன்னிடம் சாவி எதையும் வைத்துக்கொள்ளாமலே தன் கிடங்கைத் திறக்க அது வழி செய்கிறது.

நாற்பது எழுத்துகளின் ஆயுள்

முதலில் அந்தச் சாவி என்னவென்று பார்ப்போம். அமேசானின் எஸ்3 சேவையில் கோப்புகளைப் போட்டு வைக்கும் இடத்துக்குப் பெயர் பக்கெட். படமோ, ஒலிக்கோப்போ, தரவுத்தளத்தின் நகலோ, எதையும் அதில் சேமிக்கலாம். ஓர் இணையதளத்தின் சர்வர் அந்தப் பக்கெட்டில் எழுதவும் படிக்கவும் வேண்டுமானால், தான் யார் என்று ஒவ்வொரு முறையும் நிரூபிக்க வேண்டும்.

பழைய வழியில், அதற்காக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி, அதற்கு ஓர் ஆக்சஸ் கீ வாங்குவார்கள். அது இரண்டு துண்டுகள் கொண்டது. ஒன்று `AKIA` என்று தொடங்கும் 20 எழுத்து அடையாள எண். மற்றொன்று 40 எழுத்து ரகசியம். சர்வர் அந்த ரகசியத்தை யாருக்கும் அனுப்புவதில்லை. ஒவ்வொரு கோரிக்கையின் மீதும் அதைக் கொண்டு கணக்கிட்ட கையொப்பத்தை மட்டும் அனுப்புகிறது. அமேசானும் தன்னிடமுள்ள ரகசியத்தைக் கொண்டு அதே கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. விடை பொருந்தினால் கதவு திறக்கிறது.

அந்தக் கணக்கு உறுதியானது. சிக்கல், ரகசியம் தங்கியிருக்கும் இடத்தில் இருக்கிறது. சர்வர் அதை எங்கோ ஒரு கோப்பில் வைத்திருந்தாக வேண்டும். அந்தக் கோப்பு இரவு நேர நகலுக்குள் போகும். சர்வரின் பிரதியெடுக்கும்போது கூடவே பிரதியாகும். புதிதாகச் சேரும் ஊழியருக்கு வாட்ஸ்அப்பில் போகும். நிரலோடு கிட்ஹப்புக்கும் போகும். ஒரு முறை போன பின் நிரலிலிருந்து அந்த வரியை அழித்தாலும், பழைய பதிப்புகளின் வரலாற்றில் அது அப்படியே இருக்கும்.

அதற்குக் காலாவதித் தேதியும் கிடையாது. யாராவது போய் முடக்கும்வரை, உலகின் எந்த மூலையிலிருந்தும், எந்தக் கணினியிலிருந்தும் அது வேலை செய்யும். கோப்பைப் படித்தவர் சர்வருக்குள் நுழையவே தேவையில்லை.

அந்த சர்வரிடம் மட்டும் பேசும் முகவரி

ரோல் என்பது பயனர் கணக்கு போன்றதே, ஆனால் அதற்கு நிரந்தரச் சாவி கிடையாது. இன்னின்ன செய்யலாம் என்ற அனுமதிப் பட்டியல் ஒன்று, இந்த ரோலை யார் ஏற்கலாம் என்ற நம்பிக்கைப் பட்டியல் ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ரோல். நம்பிக்கைப் பட்டியலில் `ec2.amazonaws.com` என்று எழுதினால், அமேசானின் சர்வர் சேவை தன் சர்வர்களுக்காக இந்த ரோலை ஏற்கலாம் என்று பொருள். பிறகு குறிப்பிட்ட ஒரு சர்வரோடு அந்த ரோலை இணைக்கிறோம்.

இனி சர்வருக்குள் நடப்பதைப் பார்க்கலாம். அமேசானின் ஒவ்வொரு சர்வருக்குள்ளிருந்தும் `169.254.169.254` என்ற முகவரிக்குப் பேச முடியும். இணையத்தில் இந்த முகவரியைத் தேடி யாராலும் வர முடியாது. இந்த வகை எண்கள் பிணையத்தின் ஒரு கண்ணியைத் தாண்டிச் செல்வதில்லை. சர்வரைத் தாங்கி நிற்கும் தளமே அதற்குப் பதில் சொல்கிறது. எந்த சர்வர் கேட்கிறது என்று அந்தத் தளத்துக்குத் தெரியும். பாஸ்வேர்டு கேட்காமலே அதனால் பதில் சொல்ல முடிவது இதனால்தான்.

அந்த முகவரியில் ரோலின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இப்படி ஒரு பதில் வரும். நீளமான பகுதிகள் இங்கே சுருக்கப்பட்டுள்ளன.

```
{
  "Code": "Success",
  "Type": "AWS-HMAC",
  "AccessKeyId": "ASIA...",
  "SecretAccessKey": "...",
  "Token": "...",
  "Expiration": "2025-01-10T14:20:00Z"
}
```

இதுவும் ஒரு சாவிதான். ஆனால் மூன்று மாற்றங்கள் இருக்கின்றன. அடையாள எண் `AKIA`வுக்குப் பதில் `ASIA` என்று தொடங்குகிறது. `Token` என்று மூன்றாவது துண்டு ஒன்று சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு கோரிக்கையோடும் அதையும் அனுப்பினால்தான் கையொப்பம் செல்லும். கடைசி வரியில் காலாவதி நேரம் இருக்கிறது. வழக்கமாக இந்தச் சாவி சுமார் ஆறு மணி நேரம் உயிரோடிருக்கும். காலாவதிக்குக் குறைந்தது ஐந்து நிமிடம் முன்பே அதே முகவரியில் அடுத்த சாவி தயாராகிவிடும்.

இந்தப் புதுப்பிப்பை நிரல் எழுதுபவர் செய்ய வேண்டியதில்லை. அமேசான் தரும் நிரல் நூலகங்களே அந்த முகவரியைக் கேட்டு, சாவியை நினைவகத்தில் வைத்துக்கொண்டு, நேரம் நெருங்கும்போது மாற்றிக்கொள்கின்றன. நிரலில் எழுத வேண்டியது பக்கெட்டின் பெயர் மட்டும். அந்த நிரல் மொத்தமும் நாளை கிட்ஹப்பில் கசிந்தாலும், அதில் திருடிப் பயன்படுத்த ஒரு சாவியும் இருக்காது.

ஒரு படத் தளத்தை மாற்றுவோம்

ஓர் எடுத்துக்காட்டு. வாசகர்கள் அனுப்பும் படங்களை ஒரு தளம் பக்கெட்டில் சேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கெட்டின் பெயர் `padam-demo`. படங்கள் `uploads/` என்ற பிரிவுக்குள் போகின்றன. அதே பக்கெட்டில் `backup/` என்ற பிரிவில் தரவுத்தள நகல்களும் இருக்கின்றன. அவற்றை இந்த சர்வர் தொட வேண்டிய தேவையே இல்லை. இப்போது சர்வரில் `~/.aws/credentials` என்ற கோப்பில் ஒரு நிரந்தரச் சாவி கிடக்கிறது. அதை நீக்க வேண்டும்.

முதல் வேலை `padam-web` என்ற ரோலை உருவாக்குவது. அதன் அனுமதிப் பட்டியல் இவ்வளவுதான்:

```
{
  "Version": "2012-10-17",
  "Statement": [{
    "Effect": "Allow",
    "Action": ["s3:GetObject", "s3:PutObject"],
    "Resource": "arn:aws:s3:::padam-demo/uploads/*"
  }]
}
```

படிக்கலாம், எழுதலாம், அதுவும் `uploads/` பிரிவுக்குள் மட்டும். அழிக்க அனுமதியில்லை. `backup/` பக்கம் பார்க்கவும் அனுமதியில்லை. அவசரத்தில் பலர் `s3:*` என்றும், எல்லாப் பக்கெட்டுக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறி என்றும் எழுதிவிடுவதுண்டு. அந்த ஒற்றை நட்சத்திரம் எவ்வளவு விலை வாங்கும் என்பதைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

அடுத்தது ரோலை சர்வரோடு இணைப்பது. இங்கே இன்ஸ்டன்ஸ் புரொஃபைல் என்ற உறை ஒன்று நடுவில் வருகிறது. சர்வர் ரோலை நேரடியாக ஏற்பதில்லை. இந்த உறைக்குள் போட்டுத்தான் தர வேண்டும். உலாவித் திரையில் ரோலை உருவாக்கினால் அதே பெயரில் உறையும் தானாக உருவாகும். கட்டளை வழியாகச் செய்பவர்கள் உறையைத் தனியாக உருவாக்கி, ரோலை அதற்குள் சேர்க்க வேண்டும். ரோல் இருக்கிறது, ஆனால் சர்வரில் இணைக்கும் பட்டியலில் அதன் பெயர் தெரியவில்லை என்று தவிப்பவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத்தான் தவறவிட்டிருப்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரோடும் இதை இணைக்கலாம். நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை.

இப்போது படம் ஒன்றை ஏற்றிப் பார்க்கிறோம். ஏறுகிறது. வேலை முடிந்துவிட்டதா? இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

நிரல் நூலகம் சாவியைத் தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சூழல் மாறிகளில் பார்க்கும். பிறகு `~/.aws/credentials` கோப்பில் பார்க்கும். எங்கும் கிடைக்காவிட்டால்தான் கடைசியாக ரோலைக் கேட்கும். பழைய கோப்பு அங்கேயே கிடந்தால், ரோல் இணைந்திருந்தும் சர்வர் அந்தப் பழைய சாவியையே எடுத்துக்கொள்கிறது. பிழைச் செய்தி எதுவும் வராது. எல்லாம் சரியாக ஓடுவதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே கட்டளை போதும்:

```
aws sts get-caller-identity --query Arn
```

சர்வர் தன்னை யாரென்று சொல்லிக்கொள்கிறதோ அது பதிலாக வரும். பழைய சாவி ஓடினால் `arn:aws:iam::123456789012:user/padam-app` என்பது போல `user` என்ற சொல் இருக்கும். ரோல் ஓடினால் `arn:aws:sts::123456789012:assumed-role/padam-web/i-0abc...` என்று வரும். கடைசியில் இருக்கும் `i-` எண் அந்த சர்வரின் அடையாளம். பத்து சர்வர்கள் ஒரே ரோலை ஏற்றிருந்தாலும், எந்தக் கோரிக்கை எந்த சர்வரிலிருந்து போனது என்று பதிவேட்டில் பிரித்துப் பார்க்க அது உதவுகிறது.

ஆனால் இந்தக் கட்டளை, அதை ஓட்டும் பயனரின் கோப்பையும் சூழலையும்தான் பார்க்கும். இணையதள நிரல் வேறொரு பயனரின் பெயரில் ஓடினால், அந்தப் பயனராக மாறித்தான் கேட்க வேண்டும்.

`user` என்று வந்தால் கோப்பை நகர்த்திவிட்டு, சூழல் மாறிகளையும் துடைத்துவிட்டு, நிரலை மறுபடி தொடங்கிக் கேட்க வேண்டும். `assumed-role` என்று வந்த பிறகும் பழைய சாவியை உடனே அழிக்காமல் முதலில் முடக்கி வைப்பது நல்லது. யாரும் நினைவில் வைத்திராத ஓர் இரவு நேர நிரல் எங்கோ அதே சாவியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கலாம். முடக்கிய சாவியை ஒரு சொடுக்கில் மீட்கலாம். அழித்ததை மீட்க முடியாது. ஒவ்வொரு சாவியும் கடைசியாக எப்போது பயன்பட்டது என்பதையும் அமேசான் காட்டுகிறது. மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலைகளும் உண்டு என்பதால் ஒரு முழு மாதம் பார்த்துவிட்டு அழிப்பதே பாதுகாப்பு.

மாற்றத்துக்குப் பிறகு வழக்கமாக எழும் குழப்பங்கள் இரண்டு. இல்லாத படம் ஒன்றை நிரல் கேட்டால், முன்பு ‘இல்லை’ என்ற 404 வந்த இடத்தில் இப்போது ‘அனுமதி இல்லை’ என்ற 403 வரும். பட்டியலைப் பார்க்கும் `s3:ListBucket` அனுமதியை நாம் தரவில்லை. அந்த அனுமதி இல்லாதவருக்கு, ஒரு கோப்பு இருக்கிறதா இல்லையா என்பதையே எஸ்3 சொல்லாது. தேவையென்றால் அதைச் சேர்க்கலாம். ஆனால் அது பக்கெட்டின் மீதான அனுமதி என்பதால் `arn:aws:s3:::padam-demo` என்ற முகவரிக்குத் தனியாக எழுத வேண்டும். `/uploads/*` உள்ள வரியில் சேர்த்தால் பலிக்காது.

இன்னொன்று, படத்தை வெளியாருக்குக் காட்டக் கையொப்பமிட்டுத் தரும் தற்காலிக இணைப்புகள். நிரந்தரச் சாவியால் கையொப்பமிட்டால் அந்த இணைப்பை ஏழு நாள் வரை உயிரோடு வைக்கலாம். ரோலின் சாவியால் கையொப்பமிட்டு ஏழு நாள் என்று கேட்டாலும், அந்தச் சாவி காலாவதியாகும்போது இணைப்பும் சேர்ந்து இறந்துவிடும். காலையில் மின்னஞ்சலில் அனுப்பிய படம் மாலையில் திறக்கவில்லை என்று புகார் வந்தால், முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ரோல் இருந்தும் நடந்த திருட்டு

2019 மார்ச் மாதம், அமெரிக்காவின் கேபிட்டல் ஒன் வங்கியில் தகவல் திருட்டு நடந்தது. திருடியவர் முன்பு அமேசானில் வேலை பார்த்தவர். இங்கே கோப்பில் கிடந்த சாவி எதுவும் கசியவில்லை. அந்த சர்வர் ரோலைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தது.

வலைத்தளங்களுக்குக் காவலாக நிறுத்தப்பட்ட தடுப்பு சர்வர் ஒன்று தவறாக அமைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து வரும் கோரிக்கையை ஏமாந்து வேறு முகவரிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் நிலையில் அது இருந்தது. அந்த ஓட்டை வழியாக, `169.254.169.254` முகவரியிடம் அதையே கேட்க வைத்தார்கள். கேட்டது அந்த சர்வர் என்பதால் சாவி வந்தது. வந்த சாவியை சர்வர் வெளியே நீட்டியது. வெளியாள் நேரடியாகத் தொட முடியாத முகவரியை, உள்ளே இருப்பவரின் கையாலேயே தொட்டுவிட்டார்கள்.

அதன் பிறகு நடந்தது நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. முதலில் பக்கெட்டுகளின் பட்டியலைக் கேட்டார்கள்; அந்த ரோலுக்கு அதற்கு அனுமதி இருந்தது. 700க்கும் மேற்பட்ட பக்கெட்டுகளின் பெயர்கள் வந்தன. பிறகு அவற்றிலிருந்து நகலெடுத்தார்கள். அதற்கும் அனுமதி இருந்தது. அமெரிக்காவில் சுமார் 10 கோடிப் பேர், கனடாவில் சுமார் 60 லட்சம் பேரின் விண்ணப்ப விவரங்கள் போயின. ஜூலை மாதம், திருட்டுத் தகவல் கிட்ஹப்பில் இருப்பதாக வெளியாள் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பும்வரை வங்கிக்குத் தெரியாது. 2020 ஆகஸ்டில் அமெரிக்க வங்கி ஒழுங்குமுறை அமைப்பு 8 கோடி டாலர் அபராதம் விதித்தது.

தடுப்பு வேலைக்கு நிறுத்தப்பட்ட ஒரு சர்வரின் ரோலுக்கு, வாடிக்கையாளர் விண்ணப்பங்கள் இருக்கும் பக்கெட்டுகளைப் படிக்கும் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. சாவி சில மணி நேரத்தில் காலாவதியாகும் என்பது இங்கே உதவவில்லை. ஓட்டை அடைபடாதவரை அடுத்த சாவியையும் கேட்டு வாங்கலாம். அதோடு, ஒரு பக்கெட்டை நகலெடுக்கச் சில மணி நேரம் போதும்.

அந்த ஆண்டு நவம்பரில் அமேசான் சாவி தரும் முறையின் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. இதில் சாவியை நேரடியாகக் கேட்க முடியாது. முதலில் `PUT` வகைக் கோரிக்கை ஒன்றைத் தனித் தலைப்போடு அனுப்பி, ஓர் அடையாளச் சீட்டு வாங்க வேண்டும். பிறகு அந்தச் சீட்டைக் காட்டித்தான் சாவியைக் கேட்க வேண்டும். சர்வரில் ஓடும் நியாயமான நிரலுக்கு இது இரண்டு வரி வேலை. ஏமாற்றப்பட்ட தடுப்பு சர்வர் போன்றவை பெரும்பாலும் எளிய `GET` கோரிக்கையை மட்டுமே கடத்துகின்றன. வெளியாள் சொல்லும் தலைப்பைச் சேர்க்க அவற்றால் முடிவதில்லை. ஆகவே முதல் படியிலேயே தடுக்கி நின்றுவிடும்.

பழைய சர்வர்களில் இரண்டு பதிப்புகளும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருக்கலாம். முதலாவதை மூட இந்தக் கட்டளை:

```
aws ec2 modify-instance-metadata-options \
  --instance-id i-0abc... --http-tokens required
```

மூடிய பிறகு, சர்வருக்குள் டாக்கர் பெட்டியில் ஓடும் நிரலுக்குச் சாவி கிடைக்காமல் போகலாம். அந்தச் சீட்டு எத்தனை கண்ணி தாண்டலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அது 1 என்று இருந்தால், டாக்கரின் உட்பிணையம் ஒரு கண்ணியாகக் கணக்கில் வந்து, சீட்டு பெட்டிக்குள் போய்ச் சேராது. எல்லையை 2 என்று மாற்றினால் சரியாகிவிடும்.

கேபிட்டல் ஒன் திருட்டு நம் `padam-web` ரோலுக்கு நடந்தால் என்ன ஆகும் என்று பார்ப்போம். இரண்டாம் பதிப்பையும் ஏதோ ஒரு வழியில் தாண்டிச் சாவியை எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். பக்கெட்டுகளின் பட்டியலைக் கேட்கிறார்கள், `AccessDenied` வருகிறது. `padam-demo`வுக்குள் என்னென்ன கோப்புகள் என்று கேட்கிறார்கள், அதே பதில். `backup/` பிரிவிலிருந்து ஒரு நகலை ஊகித்துக் கேட்டாலும் அதே பதில். கோப்பின் பெயர் தெரிந்த படங்களை எடுக்க முடியும். அதே பெயரில் வேறு படத்தை எழுதவும் முடியும். அது உண்மையான சேதம்தான், சின்னதாக நினைக்க வேண்டியதில்லை.

திருட்டு தெரிந்தவுடன் தளத்தின் பொறுப்பாளர் செய்ய வேண்டியது, ரோலின் திரையில் உள்ள ‘நடப்பு அமர்வுகளை ரத்து செய்’ என்ற பொத்தானை அழுத்துவது. இந்த நிமிடத்துக்கு முன் வழங்கிய எந்தச் சாவியும் செல்லாது என்ற தடையை அது ரோலோடு சேர்க்கிறது. திருடியவரிடம் இருக்கும் சாவி காலாவதிக்குக் காத்திராமல் அப்போதே செத்துவிடும். சர்வரின் கையிலிருக்கும் சாவியும் அதோடு செத்துப்போகும். அடுத்த சாவி வரும்வரை படம் ஏற்றுவது நிற்கும். அந்த இடைவெளியில் ஓட்டையை அடைத்துவிட வேண்டும்.